முப்பது நாள், முப்பது டாரட் சீட்டுகள்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு பயிற்சித் திட்டம்

டாரட் கட்டைப் பிரித்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, கூடவே வரும் குட்டிப் புத்தகத்தைத் திறப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு சீட்டுக்கு நாலைந்து சொற்கள் வீதம் நோட்டில் எழுதி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். பத்து நாள் கழித்து யாரோ ஒரு சீட்டை நீட்டி “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டபோது, அர்த்தம் ஒப்பிக்க வந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் ஆணா பெண்ணா, நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று கண்ணை மூடிச் சொல்ல வரவில்லை. படத்தையே பார்க்காமல் படம் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறைதான் இங்கே இருப்பது. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, கால் மணி நேரம். முதலில் கண், பிறகு உங்கள் சொந்த வாக்கியம், கடைசியில்தான் புத்தகம். முப்பது நாளில் முப்பது சீட்டுகள் கைக்கு வரும். முழுக்கட்டு 78 என்பதால் மீதி 48 இருக்கும். அவற்றை இதே முறையில் நீங்களே தொடரலாம்.

எந்தக் கட்டு, எந்த முப்பது

தொடங்குவதற்கு ரைடர் வெய்ட் ஸ்மித் கட்டு போதும். 1909-இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். சீட்டின் கீழ்ப்பகுதியில் உற்றுப் பார்த்தால் கொடி சுற்றியதுபோல் அவருடைய முதலெழுத்துகள் பின்னிக் கிடக்கும். அந்த வருஷம் ஒரு கடிதத்தில் அவர் இதைப் பற்றிச் சொன்னது, பெரிய வேலை, கிடைத்ததோ ரொம்பக் கொஞ்சக் காசு என்பதுதான். அவர் 1951-இல் இறந்தார். ரொம்ப நாள் கட்டின் பெயரில்கூட அவர் இல்லை. அதனால்தான் ‘ஸ்மித்’ என்பதை விடாமல் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கட்டைச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. எகிப்துக் கோயில்களிலிருந்து வந்தது என்ற கதை 1781-இல் பிரான்சில் ஒருவர் எழுதியதால் பரவியது, அதற்கு ஆதாரம் கிடையாது. பழைய மார்சேய் வகைக் கட்டுகளில், ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்மித் அதையும் ஒரு காட்சியாக வரைந்தார். பார்த்துப் படிக்கும் முறைக்குக் காட்சி வேண்டும்.

கட்டு வாங்க வசதியில்லை என்றால், 1909 கட்டின் பழைய படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஏழு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அசல் அளவு வந்துவிடும். போன் திரையில் பார்த்துப் பழகுவதை மட்டும் தவிருங்கள். திரையில் விரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும்.

78-இல் 22 சீட்டுகள் மேஜர் அர்கானா. இவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் 0 முதல் 21 வரை எண்ணும் உண்டு. மீதி 56 மைனர் அர்கானா, அதாவது கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வகை, வகைக்கு 14. நம் முப்பதில் முதல் 22 நாள் மேஜர் சீட்டுகள் வரிசையாக. அடுத்த நான்கு நாள் நான்கு வகைகளின் ஏஸ். கடைசி நான்கு நாள் நான்கு வகைகளின் ஐந்து. ஏன் ஐந்து என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

நாள் கணக்கு சுலபம். சீட்டின் எண்ணோடு ஒன்று கூட்டினால் நாள். 0 எண்ணுள்ள ஃபூல் முதல் நாள், 13 எண்ணுள்ள டெத் பதினாலாம் நாள், 21 எண்ணுள்ள வேர்ல்ட் இருபத்திரண்டாம் நாள். உங்கள் கட்டில் 8 எண்ணுள்ள சீட்டு ஜஸ்டிஸ் என்றும் 11 எண்ணுள்ளது ஸ்ட்ரெங்த் என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய வரிசை அதுதான், வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். உங்கள் சீட்டில் இருக்கிற எண்படியே போங்கள்.

இந்த நாட்களில் குலுக்கி எடுக்க வேண்டாம், வரிசையாகவே எடுங்கள். குலுக்கினால் அதே சீட்டு மூன்று முறை வரும், சில சீட்டுகள் வரவே வராது. தலைகீழாக வரும் சீட்டுக்குத் தனி அர்த்தம் சொல்லும் பழக்கம் உண்டு. அதையும் இப்போதைக்கு விடுங்கள். நேராகப் பார்த்தே இன்னும் பழகவில்லை, அதற்குள் தலைகீழ் எதற்கு?

கால் மணி நேரத்தில் என்ன செய்வது

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் காலைக்கு, வலது பக்கம் மாலைக்கு.

காலையில் சீட்டை மேசையில் வைத்து இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். பிறகு கண்ணில் பட்ட ஏழு விஷயங்களை எழுதுங்கள். பொருளும் செயலும் மட்டும். “வெள்ளை நாய், முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது” என்பது சரி. “விசுவாசம்” என்பது சரியில்லை, ஏனென்றால் அது படத்தில் இல்லை, உங்கள் தலையில் இருக்கிறது. ஏழு என்ற எண்ணை நான் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். முதல் நான்கு யாருக்கும் தெரியும். ஐந்தாவதுக்கு மேல்தான் கண் ஓரங்களுக்குப் போகிறது, காலடிக்குப் போகிறது, பின்னால் இருக்கும் மலைக்குப் போகிறது.

அடுத்து, ஏழையும் பார்த்து ஒரே வாக்கியம். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? ‘இதன் அர்த்தம்’ என்று தொடங்காதீர்கள். யாரோ என்னவோ செய்கிறார் என்று இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் புத்தகம். அதில் இருக்கும் சொற்களில் உங்கள் வாக்கியத்தோடு ஒட்டுகிற ஒன்றை மட்டும் எடுத்து ஓரத்தில் குறியுங்கள். ஒட்டாத சொற்களை இன்று விட்டுவிடலாம்.

மாலையில் மூன்று வரி. இன்று பார்த்தது, கேட்டது, செய்தது எதிலாவது இந்தப் படம் இருந்ததா? இருந்தால் எங்கே? இல்லையென்றால் “இல்லை” என்று எழுதுங்கள், அதுவும் ஒரு பதிவுதான். மறுநாள் காலை புதுச்சீட்டை எடுக்குமுன், முந்தைய நாள் படத்தைப் பார்க்காமல் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கோடுகளாக வரைந்து பாருங்கள். குச்சி மனிதர்கள் போதும். யார் எந்தப் பக்கம், கை மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது வந்தால் போதும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு சீட்டு எடுக்காதீர்கள். திட்டம் முப்பத்தோரு நாளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு படம் பார்த்தால் மாலைக் குறிப்பு எழுதும்போது எந்தப் படம் எந்தச் சம்பவத்தோடு ஒட்டியது என்பது குழம்பிவிடும்.

முதல் ஏழு நாள்: கண்ணும் கையும்

ஃபூல், மெஜிஷியன், ஹை ப்ரீஸ்டஸ், எம்ப்ரஸ், எம்பரர், ஹையரோஃபண்ட், லவ்வர்ஸ். இந்த வாரத்தின் கூடுதல் பயிற்சி, படத்தில் இருப்பவர்போல் ஒரு நிமிஷம் நிற்பதோ உட்காருவதோதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள். மெஜிஷியனின் வலது கை ஒரு கோலைப் பிடித்து மேலே போகிறது, இடது கை விரல் தரையைக் காட்டுகிறது. அப்படி நின்று பார்த்தால் மேலிருந்து எதையோ வாங்கிக் கீழே இறக்குகிற உணர்வு தோளிலேயே தெரியும். அவர் முன்னால் உள்ள மேசையில் கோல், கோப்பை, வாள், நாணயம் நான்கும் இருக்கின்றன. எல்லாம் தயார், வேலை இனிமேல்தான். எம்பரராக உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து விறைக்கும். சிவப்பு அங்கிக்குக் கீழே அவர் காலில் இரும்புக் கவசம் இருப்பது அப்போதுதான் உறைக்கும். வீட்டுக்குள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தும் கவசத்தைக் கழற்றாதவர்.

ஏழாம் நாள் லவ்வர்ஸ். இதில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் மேலே இருக்கும் தேவதையைப் பார்க்கிறாள். புத்தகத்தில் ‘காதல், இணைவு’ என்று இருக்கும். படத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை. அந்தக் கோட்டை உங்கள் கையால் போட்டால் இந்தச் சீட்டு மறக்காது.

அன்றே முதல் சோதனையும். ஏழு சீட்டுகளையும் கவிழ்த்துக் கலக்குங்கள். ஒன்றைத் திறந்து, மூன்று மூச்சு விடும் நேரத்துக்குள் உங்கள் வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். வந்தது ஒரு பக்கம், வராதது மறு பக்கம். வராதவற்றை மறுநாள் காலை ஒரு நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டுப் புதுச்சீட்டுக்குப் போங்கள். இதே சோதனை பதினாலாம் நாளும் இருபத்திரண்டாம் நாளும் உண்டு.

இரண்டாம் ஏழு நாள்: எதிர்பார்த்தது இல்லை

சாரியட், ஸ்ட்ரெங்த், ஹெர்மிட், வீல் ஆஃப் ஃபார்ச்சூன், ஜஸ்டிஸ், ஹேங்டு மேன், டெத். இந்த வாரம் ஏழு விஷயங்களோடு எட்டாவதாக ஒன்று எழுதுங்கள். நான் எதிர்பார்த்து, படத்தில் இல்லாமல்போனது எது? சாரியட்டில் தேரோட்டி இருக்கிறார், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஸ்பிங்ஸ் இருக்கின்றன, ஆனால் கடிவாளம் இல்லை. ஸ்ட்ரெங்த்தில் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண்ணின் கையில் ஆயுதம் இல்லை, முகத்தில் கடுமையும் இல்லை. ஹேங்டு மேன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகத்தில் வலி இல்லை, தலையைச் சுற்றி ஒளி இருக்கிறது. அந்தச் சீட்டை நான் வெகுநாள் தண்டனை என்றே நினைத்திருந்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு “நிறுத்திக்கொண்டான்” என்று எழுதினேன்.

பதினோராம் நாள் வீல் ஆஃப் ஃபார்ச்சூன். அன்று மாலை ஒரு முக்கியமான பயிற்சி. வழக்கம்போல் மூன்று வரி எழுதிய பிறகு, ஏற்கெனவே படித்த பத்துச் சீட்டுகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுங்கள். அதே நாளை அந்தச் சீட்டை வைத்து இன்னொரு மூன்று வரி எழுதுங்கள். பெரும்பாலும் அதுவும் பொருந்தும். காலையில் ஒரு படத்தைப் பார்த்தால் நாள் முழுக்கக் கண் அதற்கு ஒத்ததைத் தேடி எடுக்கிறது. சீட்டு முன்கூட்டிச் சொன்னது என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். நாளை நடப்பதைச் சீட்டு அறியும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, நான் அப்படிச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதும் இல்லை. நடந்ததை வேறொரு கோணத்தில் பார்க்க உதவுகிறது என்பதற்காகத்தான் இத்தனை வருஷமாக இதை விடாமல் வைத்திருக்கிறேன். இந்தப் பயிற்சியை ஒரு முறை செய்தவர்கள் சீட்டுக்குப் பயப்பட மாட்டார்கள்.

பதினாலாம் நாளுக்குப் பயம்தான் முதலில் வரும், அதனால் அதை முழுதாகச் செய்து காட்டுகிறேன். என் பழைய நோட்டில் டெத் சீட்டுக்கு எழுதிய ஏழு: கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு. வெள்ளைக் குதிரை, நடக்கிறது, ஓடவில்லை. கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா. தரையில் விழுந்த அரசன், கிரீடம் கழன்று கிடக்கிறது. மஞ்சள் உடையில் கைகூப்பி நிற்கும் பிஷப். முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்டியிட்ட பெண், பக்கத்தில் நேராகப் பார்க்கும் குழந்தை. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன்.

எட்டாவது, அதாவது இல்லாதது: எலும்புக்கூட்டின் கையில் அரிவாளோ வாளோ இல்லை, கொடி மட்டும்தான். என் வாக்கியம் இப்படி இருந்தது: “குதிரை நிற்காமல் நடக்கிறது, நான்கு பேர் நான்கு விதமாக அதை எதிர்கொள்கிறார்கள்.” புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே சொல், முடிவு.

அன்று மாலை அப்பாவின் பழைய ஸ்கூட்டரை எடுத்துப்போக ஆள் வந்தார். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, வண்டி மழையில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார், வெளியே வரவே இல்லை. அண்ணன் வாசலில் நின்று விலை பேசினான். நான் ஆர்சி புத்தகத்தைத் தேடுகிறேன் என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். அண்ணன் மகள் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் போய் ஹாரனை அழுத்திப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. “செத்துப்போச்சு தாத்தா வண்டி” என்று சாதாரணமாகச் சொன்னாள். வலது பக்கத்தில் எழுதிய மூன்று வரி: “அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் பேரம் பேசினான். குழந்தை நேராகப் பார்த்தாள்.”

டெத் சீட்டு எடுத்த அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் உள்ள நான்கு பேரையும் அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

பதினைந்து முதல் இருபத்திரண்டு: பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

டெம்பரன்ஸ், டெவில், டவர், ஸ்டார், மூன், சன், ஜட்ஜ்மென்ட், வேர்ல்ட். இந்த எட்டு நாளும் இன்றைய சீட்டோடு பழைய சீட்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். ஸ்மித் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பல சீட்டுகளில் வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி.

பதினாறாம் நாள் டெவிலுக்குப் பக்கத்தில் ஏழாம் நாளின் லவ்வர்ஸை வையுங்கள். அதே அமைப்பு. கீழே ஆண், பெண். மேலே சிறகுள்ள ஓர் உருவம். இங்கே இருவர் கழுத்திலும் சங்கிலி. உற்றுப் பாருங்கள், அந்த வளையம் தலை வழியாகவே கழற்றக்கூடிய அளவுக்குத் தளர்வாக இருக்கிறது. இருவரும் கழற்றவில்லை. இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் டெவில் சீட்டுக்குப் புத்தகமே வேண்டாம்.

பத்தொன்பதாம் நாள் மூனுக்குப் பக்கத்தில் டெத்தை வையுங்கள், கோபுரங்களைத் தேடுங்கள். பதினெட்டாம் நாள் ஸ்டாருக்குப் பக்கத்தில் டெம்பரன்ஸ், கால்களையும் தண்ணீரையும் பாருங்கள். கடைசி நாள் வேர்ல்டுக்குப் பக்கத்தில் வீல் ஆஃப் ஃபார்ச்சூன். நான்கு மூலைகளிலும் அதே நான்கு உருவங்கள் இருக்கும். ஒன்றில் அவை புத்தகம் வைத்துக்கொண்டிருக்கின்றன, மற்றதில் இல்லை. படித்து முடித்துவிட்டன என்று என் நோட்டில் இருக்கிறது. உங்களுக்கு வேறு தோன்றலாம்.

இந்தப் பகுதியில்தான் ஒரு கோளாறு வெளியே தெரியும். பதினேழாம் நாள் டவர் வரும்போது உங்கள் வாக்கியத்தைப் பாருங்கள். அதில் ‘மாற்றம்’ என்ற சொல் இருக்கிறதா? டெத்திலும் இருந்ததா? வீல் ஆஃப் ஃபார்ச்சூனிலும்? மூன்றுக்கும் ஒரே சொல் வந்திருந்தால் மூன்றையும் கற்கவில்லை என்று பொருள். கண் நின்றுபோய்ச் சொல் மட்டும் ஓடுகிறது.

இதற்கு மருந்து, ஒரு சீட்டுக்கு மட்டும் பொருந்தி மற்ற இரண்டுக்கும் பொருந்தாத சம்பவத்தை எழுதுவது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்து, சாமான் கட்டி, வீட்டைக் காலி செய்வது டெத். தேதி முன்பே தெரியும், குதிரை நடந்துதான் வருகிறது. நடுராத்திரி சுவர் இடிந்து, போட்ட துணியோடு வெளியே ஓடுவது டவர். படத்தில் மின்னல் அடிக்கிறது, உச்சியிலிருந்த கிரீடம் கழன்று விழுகிறது, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். ஒரு வருஷம் தக்காளி நல்ல விலைக்குப் போய், மறு வருஷம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவது வீல் ஆஃப் ஃபார்ச்சூன். அதில் யாரும் எதையும் உடைக்கவில்லை, சக்கரம் சுற்றியது, இன்னும் சுற்றும். இப்படி உங்கள் ஊரிலிருந்து மூன்று சம்பவங்களை எழுதிவிட்டால் பிறகு அந்த மூன்று சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. சன், வேர்ல்ட் இரண்டுக்கும் ‘மகிழ்ச்சி’ என்று வந்திருந்தாலும், ஹெர்மிட், ஹை ப்ரீஸ்டஸ் இரண்டுக்கும் ‘ஞானம்’ என்று வந்திருந்தாலும் இதே வேலையைச் செய்யுங்கள்.

நான்கு ஏஸ்

இருபத்து மூன்றிலிருந்து வகைகள் தொடங்குகின்றன. பழக்கத்தில் கோல் என்றால் ஆர்வமும் செயலும், கோப்பை என்றால் மனசு, வாள் என்றால் யோசனையும் பேச்சும், நாணயம் என்றால் உடம்பு, காசு, வேலை. இதற்கு மேல் இப்போது வேண்டாம். நான்கு ஏஸிலும் மேகத்திலிருந்து ஒரு கை நீளுகிறது, ஒரு பொருளைக் கொடுக்கிறது. நான்கையும் ஒரே மாதிரி நினைத்துவிடாமல், அந்தக் கை அதை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கோலையும் வாளையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கோப்பையையும் நாணயத்தையும் உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறது.

கோப்பை ஏஸில் வழியும் நீர்த்தாரைகளை எண்ணுங்கள். வெய்ட் தன் விளக்க நூலில் நான்கு என்று எழுதினார். ஸ்மித் வரைந்ததில் ஐந்து இருக்கிறது. கட்டைத் திட்டமிட்டவரின் எழுத்தும் வரைந்தவரின் கையும் ஒத்துப்போகாத இடம் இது. கண்ணை முதலில் வைத்துப் புத்தகத்தைப் பின்னால் வைக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

நான்கு ஐந்துகள்

ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே, நிலையாக நின்றது ஆட்டம் காணும் இடமாக ஐந்தைக் கொள்வார்கள். எண் ஒன்றே, வகை மட்டும் மாறினால் படம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட இந்த நான்குபோல் வேறு வரிசை கிடையாது. அதனால்தான் இவை. இந்த நாட்களில் காலையில், படம் பார்க்குமுன்னே, “இந்த வகையில் ஆட்டம் கண்டால் எப்படி இருக்கும்?” என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சீட்டைத் திறங்கள்.

கோலில் ஐந்து இளைஞர்கள் ஆளுக்கொரு கோலோடு மோதுகிறார்கள், ஆனால் ஒருவர் மேலும் அடி விழவில்லை. சண்டையா, விளையாட்டா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, படத்திலிருந்தே காரணம் காட்டி எழுதுங்கள். கோப்பையில் கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, தூரத்தில் ஒரு பாலம். வாளில் ஒருவன் மூன்று வாள்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறான், இருவர் முதுகைக் காட்டி நடந்துபோகிறார்கள். அவன் வென்றிருக்கிறான், பேச ஆள் இல்லை.

இந்த நான்கு நாள் மாலையில் ஒரு புது வேலை சேர்கிறது. படித்த சீட்டுகளை மட்டும் குலுக்கி, ஒரு கேள்வி கேட்டு, ஒன்றை எடுங்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. “அந்த வேலை எனக்குக் கிடைக்குமா?” என்று கேட்டால் எந்தப் படமும் ஆம், இல்லை என்று சொல்லாது, நீங்கள் ஆசைப்பட்டதைப் படத்தில் திணிப்பீர்கள். “நாளை நேர்காணலுக்குப் போகும்போது எதைக் கவனிக்கட்டும்?” என்று கேட்டால் படத்தில் வேலை இருக்கிறது. சாரியட் வந்தால் கடிவாளம் இல்லாததை நினைத்து, எல்லாக் கேள்வியும் என் கையில் இருக்காது, இரண்டு பக்கமும் இழுக்கும்போது நேராக உட்காருவது மட்டும் என் கையில் என்று எழுதலாம்.

வந்த சீட்டு பிடிக்கவில்லை என்று இன்னொன்றை எடுக்காதீர்கள். மூன்றாவது முறை எடுக்கும்போது நீங்கள் சீட்டைப் படிக்கவில்லை, அனுமதி தேடுகிறீர்கள். நோய், வழக்கு, கடன் இந்த மூன்றையும் கேள்வியாக வைக்காதீர்கள். முப்பது நாள் பழகியவரும் வைக்கக்கூடாது, முப்பது வருஷம் பழகியவரும் வைக்கக்கூடாது. தெரிந்தவர்கள் “எனக்கு ஒன்று எடுத்துச் சொல்லேன்” என்பார்கள். இந்த மாதம் முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

முப்பதாம் நாள் நாணயத்தில் ஐந்து. பனி கொட்டுகிறது. கிழிந்த உடையில் ஒரு பெண், பின்னால் ஊன்றுகோலோடு ஓர் ஆண், அவன் கழுத்தில் மணி. பக்கத்திலேயே விளக்கெரியும் கண்ணாடி ஜன்னல், ஐந்து நாணயங்களும் அதில்தான். இருவரும் ஜன்னலைப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். உதவி பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை என்று பல புத்தகங்கள் சொல்லும். எழுதுமுன், அந்தச் சுவரில் கதவைத் தேடுங்கள். படத்தில் கதவு இல்லை. அவர்கள் பார்க்காததால் உள்ளே போகவில்லையா, உள்ளே போக வழியில்லாததால் பார்ப்பதை விட்டுவிட்டார்களா? கடைசி நாளின் வாக்கியத்தை இதற்குப் பதிலாக எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஃபூல் சீட்டை எடுத்து, முதல் நாள் பக்கத்தைத் திறக்காமல், மறுபடி ஏழு விஷயங்கள் எழுதுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் முதல் பட்டியலில் நாய் இருந்தது, மலை இருந்தது, தோளில் மூட்டை இருந்தது. இடது கையில் அவன் பிடித்திருக்கும் வெள்ளை ரோஜா இல்லை. பதினாலாம் நாள் கொடியில் அதைப் பார்த்த பிறகுதான், முதல் சீட்டிலும் அது இருந்ததை என் கண் கண்டது.